சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலசிலாங்கூருக்கு வரும் வழியில் இரு பக்கமும் செம்பனைதான். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தெனமாரத்தில் நடப்பட்டது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் பழத்தை எண்ணெயாக்கும் ஆலைகளில்தான் நான் பராமரிப்பு வேலை கற்றுக்கொண்டேன். தொழிற்கல்லூரியை முடித்து வந்த புதிதில், வட சிலாங்கூரில் ஓர் ஆலையில் பயிற்சித் தொழில்நுட்பராகச் சேர்ந்தேன். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே ஒரு காலைப்பொழுதில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆலையில் எலிவேட்டர் என்று ஓர் இயந்திரம் உண்டு. ஆள் ஏறும் மின்தூக்கி அல்ல. வேகவைத்த குலைகளைத் திரெஷர் என்ற பெரிய உருளை சுழற்றி உதிர்க்கும். உதிர்ந்த பழங்கள் கீழே ஒரு கன்வேயரில் விழுந்து எலிவேட்டரின் அடிப்பகுதிக்கு வரும். அங்கிருந்து சங்கிலியில் கோத்த வாளிகள் அவற்றை அள்ளி, நான்கு மாடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், பிழியும் இயந்திரங்களுக்கு மேலே கொட்டும். கிணற்றில் ஏற்றம் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளிக்குப் பதில் வரிசையாக நிறைய வாளிகள், அவ்வளவுதான்.

அன்று அடிப்பகுதியில் ஒரு குலைத்தண்டு சிக்கி எலிவேட்டர் நின்றுவிட்டது. என்னோடு இருந்தவர் இருபது வருட அனுபவமுள்ள ஃபிட்டர். அவர் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். சார்ஜ்மேன் வந்து சுவிட்சை இறக்கிப் பூட்டும் போட்டார். அதுவரை எல்லாம் சரி. அடிமூடியைத் திறந்து, அண்ணன் நீண்ட இரும்புக் கம்பியால் தண்டை நெம்பினார். தண்டு வெளியே வந்த அந்த நொடியில் சங்கிலி தானாகவே பின்பக்கமாக ஓடியது. கம்பி இரண்டு வாளிகளுக்கு நடுவே மாட்டி, வில்லைப்போல வளைந்தது. கம்பிக்குப் பதிலாக அவர் கையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"கரண்ட்தான் பூட்டியாச்சே அண்ணே, எப்படி ஓடுச்சு?" என்று கேட்டேன்.

"கரண்ட் பூட்டினோம் தம்பி. பாரத்தைப் பூட்டலையே" என்றார்.

அந்த ஒரு பதிலில் இந்தத் தொழிலின் பாதிப் பாடம் இருக்கிறது. ஓர் இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அதே எலிவேட்டரை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் தாள், பிறகு ஸ்பேனர்

சிக்கலான வேலை எதுவும் வேலை அனுமதிச் சீட்டில் தொடங்க வேண்டும். ஆலையில் எல்லோரும் 'பெர்மிட்' என்றுதான் சொல்வார்கள். பலர் இதை வெறும் கையெழுத்து வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு பேருக்கு நடுவே நடக்கும் ஓர் உரையாடல். இயந்திரத்தை ஓட்டும் பகுதியின் பொறுப்பாளர் ஒருவர், அதைப் பழுதுபார்க்கப் போகிறவர் மற்றவர். பொறுப்பாளர், "இந்த இயந்திரத்தை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை உன்னிடம் ஒப்படைக்கிறேன், நான் ஓட்டமாட்டேன்" என்கிறார். பழுதுபார்ப்பவர், "நான் இந்த வேலையை மட்டும், இந்த இடத்தில் மட்டும் செய்வேன்" என்கிறார். பெர்மிட்டின் சாரம் இதுதான்.

அதனால் வேலை விவரத்தைப் பொதுவாக எழுதக்கூடாது. 'எலிவேட்டர் ரிப்பேர்' என்று எழுதினால் அது பெர்மிட் ஆகாது. ஆலையில் இரண்டு மூன்று எலிவேட்டர்கள் இருக்கும். எந்த எண், எந்த மாடி, அடிப்பகுதியா மேற்பகுதியா, என்ன செய்யப்போகிறோம் என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே, எந்தெந்த இடங்களில் சக்தியைத் துண்டிக்க வேண்டும் என்ற பட்டியல் வரும்.

இந்தப் பட்டியலை அலுவலக மேசையில் உட்கார்ந்து எழுதக்கூடாது. இருவரும் இயந்திரத்தின் அருகே நடந்துபோய்ப் பார்த்து எழுத வேண்டும். அப்படிப் போனால் புதிதாக ஒன்று கண்ணில் படும். எலிவேட்டரை நிறுத்தினால் மட்டும் போதுமா? அதற்குப் பழம் கொண்டுவரும் கீழ்க் கன்வேயர் ஓடினால், மூடியைத் திறந்து நிற்கிறவரின் மேல் சூடான பழம் வந்து கொட்டும். ஆகவே அதையும் பூட்ட வேண்டும். மேலே பழத்தை வாங்கிக்கொள்ளும் கன்வேயருக்குப் பக்கத்தில் யாராவது வேலை செய்யப்போகிறார்களா? அப்படியானால் அதுவும் பட்டியலில் சேரும். ஓர் இயந்திரம் என்று நினைத்த வேலை, மூன்று பூட்டுகள் கேட்கும் வேலையாக மாறுவது இங்கேதான்.

வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால் அதற்கு வேறு பெர்மிட் வேண்டும். தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டியிருந்தால், உள்ளே காற்றைச் சோதித்த பிறகு அதற்கென்று தனி அனுமதி வேண்டும். ஒரு பெர்மிட்டின் தைரியத்தில் இன்னொரு வேலையைச் செய்யக்கூடாது.

சிவப்பு பொத்தான் ஏன் போதாது

புதிதாக வரும் மாணவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இயந்திரத்தின் பக்கத்திலேயே பெரிய சிவப்பு அவசரப் பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கிவிட்டு வேலை செய்தால் என்ன?

அந்தப் பொத்தான் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாக வெட்டுவதில்லை. அது ஒரு சிறிய கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் வெட்டுகிறது. அந்தச் சுற்று, 'கன்டாக்டர்' என்ற மின்காந்தச் சுவிட்சை விடுவிக்கிறது. கன்டாக்டர்தான் மோட்டாரின் மூன்று ஃபேஸ் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆக, பொத்தானுக்கும் மோட்டாருக்கும் நடுவே பல பாகங்கள் இருக்கின்றன. அதில் எது பழுதானாலும் பொத்தான் பயன்படாது. அடிக்கடி நின்று ஓடும் மோட்டாரில் கன்டாக்டரின் முனைகள் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. இது போதாதென்று, யாராவது வந்து "இதை யார் அமுக்கினது?" என்று பொத்தானைத் திருப்பி இழுத்துவிட்டால் கதை முடிந்தது. அவசரப் பொத்தான் ஓடும் இயந்திரத்தை நிறுத்துவதற்கு. நின்ற இயந்திரத்தை நிற்கவைப்பதற்கு அல்ல.

அதனால் மோட்டார் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். அங்கே அந்த மோட்டாருக்கென்று இருக்கும் ஐசலேட்டர் கைப்பிடியைச் சார்ஜ்மேன் இறக்குவார். சார்ஜ்மேன் என்பவர் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவர். மின்பலகையைத் திறக்கும் வேலை அவருடையது, பயிற்சியாளருடையது அல்ல. இறக்கிய கைப்பிடியில் பூட்டு மாட்டுவதற்கு ஒரு துளை இருக்கும்.

ஆளுக்கொரு பூட்டு

அந்தத் துளையில் யார் பூட்டு மாட்ட வேண்டும்? இயந்திரத்தில் கை வைக்கப்போகும் ஒவ்வொருவரும். துளை ஒன்றுதானே என்றால், அதற்கென்று நண்டின் கால் போன்ற ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. அதை மாட்டினால் ஆறு பூட்டுகள் வரை போடலாம். ஃபிட்டருக்கு ஒன்று, சார்ஜ்மேனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆறாவது ஆள் தன் பூட்டைக் கழற்றும் வரை கைப்பிடி மேலே ஏறாது.

பூட்டோடு ஒரு சீட்டும் தொங்கும். பெயர், தேதி, என்ன வேலை என்று அதில் எழுதியிருக்கும். சீட்டு, காரணத்தைச் சொல்கிறது. பூட்டுதான் தடுக்கிறது. சீட்டை மட்டும் தொங்கவிட்டுப் போவது, 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதிவிட்டு வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுப் போவதற்குச் சமம்.

பூட்டுக்கு ஒரே சாவிதான் இருக்க வேண்டும். அது பூட்டியவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் மேசை டிராயரில் மாற்றுச் சாவி இருந்தால், அது உங்கள் பூட்டு அல்ல, அவருடைய பூட்டு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2012 அக்டோபரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மீனை டின்னில் அடைக்கும் ஆலையில் நடந்ததைக் கேளுங்கள். மீன் டின்களை நீராவியில் வேகவைக்கும் நீண்ட அழுத்த அடுப்பு அங்கே இருந்தது. நம் ஆலைகளில் குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசரின் உறவுக்காரன் என்று சொல்லலாம். ஒரு தொழிலாளி பழுதுபார்க்க அதற்குள் போயிருந்தார். அவர் கழிப்பறைக்குப் போயிருப்பதாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். டன் கணக்கில் மீனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி நீராவியைத் திறந்துவிட்டார்கள். கதவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அடுப்பின் கட்டுப்பாட்டில் அவருடைய ஒரு பூட்டு தொங்கியிருந்தால், 'ஆள் எங்கே?' என்ற கேள்விக்கு யாரும் ஊகித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பாரத்தையும் பூட்டு

இப்போது என் கதைக்குத் திரும்புகிறேன். மின்சாரம் போன பிறகும் எலிவேட்டர் ஏன் ஓடியது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே ஏறும் பக்கத்தில் 25 வாளிகள், ஒவ்வொன்றிலும் 8 கிலோ பழம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 கிலோ. இறங்கும் பக்கத்தில் வாளிகள் காலி. சங்கிலியும் வாளிகளும் இரு பக்கமும் சமம். ஆகவே, 200 கிலோ ஒரு பக்கமாகக் கீழே வரத் துடித்துக்கொண்டே இருக்கிறது. அதை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது மோட்டார். மோட்டார் நின்றதும் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்க மேலே ஒரு தடுப்புக் கருவி உண்டு. அன்று அது தேய்ந்துபோயிருந்தது. எங்களுக்கு அது தெரியவில்லை. ஏனென்றால் கீழே சிக்கியிருந்த குலைத்தண்டே அந்த 200 கிலோவைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அந்தத் தண்டையே எடுத்துவிட்டோம்.

சேமித்து வைத்த சக்தி என்று இதைச் சொல்வார்கள். படிவம் நான்கு இயற்பியலில் ஈர்ப்பு நிலை ஆற்றல் என்று நீங்கள் படிக்கும் அதே விஷயம். ஆலையில் இது பல உருவங்களில் ஒளிந்திருக்கும். தூக்கி நிறுத்திய பாரம், இறுக்கிய ஸ்பிரிங், ஹைட்ராலிக் குழாயில் அடைபட்ட எண்ணெய், வால்வுக்குப் பின்னால் காத்திருக்கும் நீராவி. இவை எதற்கும் சுவிட்ச் கிடையாது.

சரியான முறை இது. எலிவேட்டர் ஓடக்கூடிய நிலையில் இருந்தால், முதலில் பழம் வரும் கீழ்க் கன்வேயரை நிறுத்திவிட்டு, எலிவேட்டரை மட்டும் ஓடவிட்டு வாளிகளைக் காலிசெய்ய வேண்டும். காலியானால் 200 கிலோ இல்லை, ஆபத்தும் பெரும்பாலும் இல்லை. எங்கள் கதையைப்போலச் சிக்கிக்கொண்டால் காலிசெய்ய முடியாது. அப்போது, எடையைத் தாங்கக்கூடிய செயின் பிளாக்கால் பாரமுள்ள பக்கத்துச் சங்கிலியை ஆலையின் இரும்புத் தூணோடு கட்டி இறுக்க வேண்டும். தடுப்புக் கருவி இருக்கிறதே என்று நம்பக்கூடாது. அது ஓடும்போது உதவுவதற்கு. மனிதன் உள்ளே கை விடும்போது நம்புவதற்கு அல்ல.

முயன்று பார்த்த பிறகே நம்பு

பூட்டியாகிவிட்டது, கட்டியாகிவிட்டது. இப்போது ஸ்பேனரை எடுக்கலாமா? இன்னும் இல்லை. பூட்டியது சரியான இயந்திரத்தைத்தானா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. பழைய ஆலைகளில் மோட்டார்கள் இடம் மாறியிருக்கும், பலகையில் ஒட்டிய பெயர் மட்டும் பழையபடியே இருக்கும். கைப்பிடி கீழே இறங்கியிருந்தாலும், உள்ளே ஒரு ஃபேஸின் தகடு ஒட்டிக்கொண்டே இருக்கலாம்.

அதனால் சார்ஜ்மேன் சோதனைக் கருவியால் மூன்று ஃபேஸ்களையும் அளப்பார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் கருவியை வைத்து, அது காட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு பூட்டிய இடத்தில் அளப்பார். பிறகு மறுபடியும் முதல் இடத்தில் அளப்பார். ஏன் மூன்று முறை? கருவியின் மின்கலம் தீர்ந்திருந்தாலும் அது 'மின்சாரம் இல்லை' என்றுதான் காட்டும். முன்னும் பின்னும் கருவி உயிரோடு இருந்தது என்று தெரிந்தால்தான் நடுவில் அது சொன்ன 'இல்லை' உண்மையான 'இல்லை'.

கடைசியாக, எல்லோரும் தள்ளி நின்ற பிறகு, இயந்திரத்தின் அருகே உள்ள ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால் நல்லது. அமுக்கிய பிறகு ஸ்டாப் பொத்தானையும் அமுக்க மறக்கக்கூடாது. சில இயந்திரங்களில் தேர்வுச் சுவிட்சை ஸ்டார்ட் நிலையிலேயே விட்டுவிட்டால், வேலை முடிந்து மின்சாரம் வந்த நொடியில் இயந்திரம் தானாகக் கிளம்பிவிடும்.

ஷிப்ட் மாறும்போது

இத்தனையும் செய்தும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. காலை ஆட்கள் பாதி வேலையில் வீட்டுக்குப் போய், இரவு ஆட்கள் வரும் நேரம்.

1988 ஜூலை 6-ஆம் தேதி வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் நடந்ததை இன்றும் உலகம் முழுவதும் பெர்மிட் பாடமாகச் சொல்கிறார்கள். அங்கே இரண்டு பம்புகள். ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அதன் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, குழாயின் வாயை ஒரு தற்காலிகத் தகட்டால் மூடியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. பம்புக்கு ஒரு பெர்மிட், வால்வுக்கு வேறொரு பெர்மிட். இரவு ஓடிக்கொண்டிருந்த மற்றப் பம்பு நின்றது. இரவு ஷிப்டுக்குப் பம்பின் பெர்மிட் தெரிந்தது. வால்வின் பெர்மிட் தெரியவில்லை. நிறுத்திய பம்பைக் கிளப்பினார்கள். தகடு வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

கவனியுங்கள், பெர்மிட் எழுதப்பட்டிருந்தது. அது போக வேண்டிய ஆளிடம் போகவில்லை. அதனால்தான் நல்ல ஆலைகளில் பெர்மிட்டுக்கு நேர எல்லை உண்டு. ஷிப்ட் முடிந்தால் அதுவும் முடியும். வேலை தொடர வேண்டுமானால், போகிறவரும் வருகிறவரும் இயந்திரத்தின் முன் நின்று பேசி, புதிய ஆள் தன் பூட்டை மாட்டிய பிறகே பழைய ஆள் தன் பூட்டைக் கழற்ற வேண்டும். ஒரு நிமிடம்கூட அந்தக் கைப்பிடி பூட்டில்லாமல் இருக்கக்கூடாது.

வேலை முடிந்த பிறகும் வரிசை உண்டு. கருவிகளை எண்ணிப் பார்ப்பது, செயின் பிளாக்கைக் கழற்றுவது, மூடியைப் போடுவது, ஆட்களை எண்ணுவது, அவரவர் பூட்டை அவரவரே எடுப்பது, பெர்மிட்டில் கையெழுத்திட்டு இயந்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது. அதற்குப் பிறகுதான் சார்ஜ்மேன் மின்சாரத்தைக் கொடுப்பார்.

உங்களால் 'இல்லை' என்று சொல்ல முடியும்

பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு உண்மையான சங்கடம் தொழில்நுட்பத்தில் இல்லை. "லோரியெல்லாம் வரிசையில நிக்குது, அஞ்சு நிமிஷ வேலைக்குப் பெர்மிட்டா?" என்று வயதில் மூத்தவர் கேட்கும்போது என்ன சொல்வது என்பதில்தான் இருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று 26A பிரிவு சொல்கிறது.

ஆனால் பதினெட்டு வயதில் சட்டப் பிரிவைச் சொல்லிப் பேச முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் நான் என் பயிற்சியாளர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லித் தருகிறேன். "அண்ணே, என் பூட்டை மாட்டிட்டு வந்துடுறேன், ரெண்டு நிமிஷம்." இதில் மறுப்பும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. இதைக் கேட்டுக் கோபப்பட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பெரும்பாலும் அவரும் தன் பூட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கூடவே வருவார்.

அன்று வளைந்த அந்தக் கம்பியை அண்ணன் தூக்கி எறியவில்லை. பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், "இது ஏன் இப்படி வளைஞ்சிருக்கு?" என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "உன் பூட்டுச் சாவி எங்க இருக்கு, காட்டு?"